தண்ணீர் கேன், முதுகுப்பை, மணல்: வீட்டில் எடையைக் கூட்டும் முறை

கேள்வி: என் எடை 68 கிலோ. வீட்டில் ஒரு 20 லிட்டர் தண்ணீர் கேன், பழைய முதுகுப்பை, கொஞ்சம் மணல் இருக்கிறது. மூன்று மாதமாகப் பயிற்சி செய்கிறேன். கேனை இரண்டு கையாலும் பிடித்து, குனிந்து நின்று வயிற்றை நோக்கி இழுக்கும் ரோ பயிற்சி செய்தால் தொடர்ந்து 20 முறை, அதாவது 20 ரெப்ஸ் வருகிறது. அதற்கு மேல் முன்னேற்றமே இல்லை. கேனில் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் ஏற்றி, இறக்கித்தான் எடையை மாற்றுகிறேன். இதே பொருட்களை வைத்து, சுமையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டே போகும் ப்ரோக்ரஸிவ் ஓவர்லோட் சரியாகச் செய்ய முடியுமா?

பதில்: முடியும். ஆனால் கேனில் தண்ணீரைக் கூட்டிக் குறைக்கும் வழக்கத்தை முதலில் விட்டுவிடுங்கள். முக்கால் கேன் தண்ணீர் தூக்கும்போது உள்ளே அலையடிக்கும். கேன் சாயும் பக்கம் தண்ணீர் ஓட, எடையின் மையமும் அதோடு ஓடும். முதுகும் கையும் இழுக்க வேண்டிய சமயத்தில் மணிக்கட்டும் இடுப்பும் கேனை நிலைநிறுத்தப் போராடும். அதனால் இன்று 15 லிட்டரில் வந்த ரெப்ஸும் அடுத்த வாரம் 17 லிட்டரில் வரும் ரெப்ஸும் ஒப்பிடக்கூடிய கணக்குகளே அல்ல. கேனைப் பயன்படுத்தினால் காற்று இல்லாமல் கழுத்துவரை நிரப்பிப் பயன்படுத்துங்கள். எடையைக் கூட்டும் வேலைக்கு வேறு பொருள் வேண்டும்.

அந்த வேலைக்கு மணல்தான் நல்லது, சின்னச் சின்னப் பொட்டலங்களாகக் கட்டி வைத்தால். 5 கிலோவில் நான்கு, 2 கிலோவில் இரண்டு, 1 கிலோவில் ஒன்று என ஏழு பொட்டலங்கள் கட்டுங்கள். மொத்தம் 25 கிலோ. இவற்றை மாற்றிமாற்றிச் சேர்த்தால் 1 முதல் 25 வரை எந்த முழுக் கிலோவும் கிடைக்கும்: 8 வேண்டுமென்றால் 5, 2, 1, 14 வேண்டுமென்றால் 5, 5, 2, 2. உடற்பயிற்சிக் கூடத்தில் இரும்புத் தட்டுகள் செய்யும் வேலையை இந்த ஏழும் செய்துவிடும்.

கட்டுவதற்கு முன் மணலை நன்றாக வெயிலில் பரப்பி உலர்த்துங்கள். ஈர மணல் பொட்டலத்துக்குள் நாற்றம் பிடிக்கும். அதைவிட முக்கியம், ஈரம் போகப்போக எடையும் குறையும். 5 என்று எழுதியது 5 ஆக இருக்காது. உலர்ந்த மணல் லிட்டருக்கு ஏறத்தாழ ஒன்றரை கிலோ இருக்கும், ஆகவே 5 கிலோவுக்குச் சுமார் மூன்றே கால் லிட்டர் பிடிக்கும். தடித்த பிளாஸ்டிக் பையில் முக்கால் பங்குக்கு மேல் போகாமல் நிரப்பி, காற்றை வெளியேற்றி முடிச்சிடுங்கள். பிறகு முடிச்சு அடியில் போகும்படி தலைகீழாக இன்னொரு பைக்குள் இறக்கி, அதையும் கட்டி, சுற்றிலும் ஒட்டுநாடா போடுங்கள். பை புடைக்கும்படி அடைத்தால் தரையில் வைக்கும் ஒவ்வொரு முறையும் அழுத்தம் முடிச்சில்தான் போய் விழும். அங்கேதான் முதலில் கிழியும்.

எடை போடுவதில் ஒரு சங்கதி. ஆள் ஏறி நின்று எடை பார்க்கும் கருவியில் 2 கிலோப் பொட்டலத்தைத் தனியாக வைத்தால் பெரும்பாலும் சரியாகக் காட்டாது. 5 கிலோப் பொட்டலத்துக்கு, அதைக் கையில் வைத்துக்கொண்டு நீங்கள் ஏறி நின்று, பிறகு வெறுங்கையோடு ஏறி வித்தியாசத்தைப் பாருங்கள். சின்னப் பொட்டலங்களுக்கு ஒரு கம்பின் நடுவில் கயிறு கட்டித் தொங்கவிட்டு, வெறுங்கம்பு சமமாக நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, நடுவிலிருந்து ஒரே தொலைவில் ஒரு பக்கம் தண்ணீர் பாட்டிலையும் மறுபக்கம் பொட்டலத்தையும் மாட்டினால் போதும். 1 லிட்டர் தண்ணீர் 1 கிலோ. காலி பாட்டில் லேசானது, அதைக் கணக்கில் விட்டுவிடலாம். முதுகுப்பையின் எடையையும் ஒருமுறை பார்த்துக் குறித்து வையுங்கள். அதுவும் நீங்கள் தூக்கும் எடைதான்.

இனி உங்கள் தேக்கத்துக்கு வருவோம். ஒரு படியில் எவ்வளவு கூட்டுகிறீர்கள் என்பதைக் கிலோவில் பார்க்காதீர்கள், அந்தப் பயிற்சியில் உண்மையில் நகரும் மொத்த எடையில் அது எத்தனை சதவீதம் என்று பாருங்கள். ஒரே 2 கிலோ ஒவ்வொரு பயிற்சியிலும் ஒவ்வொரு அளவு படியாகிறது. ஒரு காலைப் பின்னால் வைத்துச் செய்யும் ஸ்ப்ளிட் ஸ்குவாட்டில் உங்கள் உடம்பின் பெரும்பகுதியே எடைதான். பையில் 2 கிலோ கூட்டினால் அது சுமார் 3 சதவீதம்தான். புஷ்-அப்பில் கைகள் தாங்குவது உடல் எடையில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, உங்களுக்குச் சுமார் 45 கிலோ. அங்கே அதே 2 கிலோ 4 சதவீதத்துக்குச் சற்று மேல். 5 கிலோவை ஒரு கையில் பிடித்து முழங்கையை மடக்கும் கர்ல் பயிற்சியிலோ, 1 கிலோ கூட்டினாலே 20 சதவீதம்.

இந்தச் சதவீதத்தை ரெப்ஸாக மாற்றிப் பார்க்க ஒரு தோராயக் கணக்கு உண்டு: எடை 3 சதவீதம் ஏறினால் சுமார் ஒரு ரெப் குறையும். ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும் என்றாலும் திட்டம் போட இது போதும். ஸ்ப்ளிட் ஸ்குவாட்டில் 2 கிலோ கூட்டினால் ஒரு ரெப்தான் குறையும், அதனால் தயங்காமல் கூட்டலாம். கர்லில் 1 கிலோ கூட்டினால் ஆறேழு ரெப்ஸ் குறையும். அங்கே 12 ரெப்ஸ் வந்ததும் எடையைக் கூட்டினால் அடுத்த நாள் 5 ரெப்ஸில் மாட்டிக்கொண்டு, முதுகை ஆட்டித் தூக்க ஆரம்பிப்பீர்கள். அப்படிப்பட்ட பயிற்சியில் 18 ரெப்ஸ் வரை போய்விட்டுப் பிறகு கூட்டுங்கள். படி பெரிதாக இருந்தால், எடையைக் கூட்டும் முன் ரெப்ஸும் அதிகம் ஏறியிருக்க வேண்டும்.

உங்கள் ரோவை இப்படி மாற்றலாம். 20 கிலோவை இரண்டு கையால் இழுக்கும்போது ஒரு கைக்கு 10 கிலோதான் வருகிறது. அதிலேயே ரெப்ஸை 30, 35 என்று நீட்டிக்கொண்டு போகலாம். இடையில் ஓய்வில்லாமல் செய்யும் ஒரு செட்டின் கடைசியில் இன்னும் ஒன்றிரண்டு ரெப்தான் வரும் என்ற அளவுக்குப் போனால், குறைந்த எடையிலும் தசை வளரும். ஆனால் குனிந்து நிற்கும் ரோவில் முதுகுத் தசை களைப்பதற்கு முன் கீழ் இடுப்பு களைத்துவிடும். ஒரு கையால் செய்வதற்கு மாறுங்கள். உறுதியான நாற்காலியில் ஒரு கையை ஊன்றிக் குனிந்து, மறுகையில் முதுகுப்பையைத் தொங்கவிட்டு, முழங்கையை இடுப்பை நோக்கி இழுங்கள். பையின் உச்சியில் இருக்கும் சின்னக் காதைப் பிடிக்க வேண்டாம், அந்தத் தையல் இந்த வேலைக்கு ஆனதல்ல. தோளில் மாட்டும் பட்டைகள் இரண்டையும் சேர்த்து ஒருமுறை முறுக்கிப் பிடியுங்கள்.

பை 1 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 5, 5, 1 பொட்டலங்களைப் போட்டால் மொத்தம் 12 கிலோ. வாரம் இரண்டு நாள், ஒவ்வொரு கைக்கும் மூன்று செட். முதல் நாள் 10, 9, 8 வருகிறது என்றால் அதை எழுதி வையுங்கள். எடையை மாற்றாமல் ரெப்ஸை மட்டும் கூட்டுங்கள்: அடுத்த நாள் 10, 10, 9, பிறகு 11, 10, 10. ஒரு நாள் கூடாமல் நின்றாலும் பரவாயில்லை. மூன்று செட்டிலும் 12 வந்த பிறகுதான் 13 கிலோ. 1 கிலோப் பொட்டலத்தை எடுத்துவிட்டு 2 கிலோவைப் போட்டால் போதும். இது 8 சதவீதப் படி, ஆகவே 9, 9, 8 என்று இறங்குவீர்கள். அது பின்னடைவல்ல, கணக்குப்படி நடக்க வேண்டியதுதான். 6 ரெப்ஸுக்குக் கீழே போனால் மட்டும் பழைய எடைக்குத் திரும்பி, 14 ரெப்ஸ் வரை போய்விட்டு ஏறுங்கள். ஒரே எடையில் நான்கைந்து நாள் தொடர்ந்து ஒரு ரெப்கூடக் கூடவில்லை என்றால், அதற்கு மேல் முட்டாமல் ஒரு வாரம் செட்டுகளைப் பாதியாக்கி, தூக்கத்தையும் சாப்பாட்டையும் கவனியுங்கள்.

ஏமாற்றும் முன்னேற்றம் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிக்க ஒரு வழி செய்துகொள்ளுங்கள். எடை கூடக்கூட நாம் அறியாமலே அசைவு குறுகும். நோட்டில் எண் ஏறும், உடம்பில் ஒன்றும் ஏறாது. ரோவில் ஒவ்வொரு ரெப்பும் பை விலாவைத் தொட வேண்டும். ஸ்ப்ளிட் ஸ்குவாட்டில் பின் முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணையை வைத்து, அதைத் தொட்ட ரெப்பை மட்டும் எண்ணுங்கள். புஷ்-அப்பில் நெஞ்சுக்குக் கீழே ஒரு மடித்த துண்டு.

புஷ்-அப்பில் இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளுங்கள்: பை எங்கே உட்கார்ந்திருக்கிறது என்பது எடையையே மாற்றும். தோள்களுக்கு நேர் மேலே இருந்தால் அதன் எடை கிட்டத்தட்ட முழுவதும் கைகளுக்கு வரும். இடுப்புப் பக்கம் சறுக்கிவிட்டால் ஒரு பங்கு கால்களுக்குப் போய்விடும், இடுப்பும் தொய்யும். பொட்டலங்களைப் பையின் மேல்பாதியில், முதுகை ஒட்டி வைத்து, அடியிலும் பக்கங்களிலும் துணிகளை அடையுங்கள். பட்டைகளை இறுக்கி, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டிக்கொண்டால் கழுத்துப் பக்கமும் ஓடாது.

ஸ்குவாட்டுக்கும் தரையிலிருந்து தூக்கும் டெட்லிஃப்டுக்கும் 25 கிலோ சீக்கிரமே போதாமல் போகும். அப்போது எடையைக் கூட்டத் தவிப்பதைவிட ஒரு காலில் செய்வது நல்லது. அல்லது இறங்குவதை மூன்று விநாடி நீட்டி, கீழே ஒரு விநாடி நின்று எழுங்கள். அதிகபட்ச எடையை ஒருமுறை தூக்கும் வலுவே குறிக்கோள் என்றால் மட்டும் இந்தப் பொருட்கள் ஒரு கட்டத்தில் கைவிடும்.

பையின் பட்டை மேல்முனையில் சேரும் தையலை வாரம் ஒருமுறை விரலால் விரித்துப் பாருங்கள். ஊசித் துளைகள் நீண்டு ஓட்டையாகத் தெரிந்தாலோ, நூல் பிரிந்து நின்றாலோ, தடித்த நூலால் பெட்டி வடிவில் குறுக்குக் கோடு போட்டுத் தைத்த பிறகே அடுத்த கிலோவை ஏற்றுங்கள். வெயிலில் நெடுநாள் கிடந்த கேன் நொறுங்கும் தன்மை பெற்றுவிடும். வெண்கோடுகள் தெரிந்தால் அதைத் தூக்காதீர்கள். கேனையோ மணல் பையையோ தலைக்கு மேல் எப்போதும் தூக்க வேண்டாம், மூடியோ முடிச்சோ விட்டுப்போனால் விலக நேரமிருக்காது. இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் வலியோ மரத்துப்போதலோ வந்தால் அன்றைக்கே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள்.