முதுமையில் கரையும் தசையும் தாவரப் புரதமும்: கேள்வி பதில்

முதியோர் மருத்துவப் பிரிவில் நெடுநாள் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றிய அனுபவத்தில் இங்கே பதிலளிக்கிறேன். கேள்விக்கு முன் சிறுநீரகப் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். இதை நான் மறுபடியும் சொல்லப்போகிறேன்.

கேள்வி: அம்மாவுக்கு 72 வயது, 55 கிலோ. சைவம், பாலும் ஒத்துக்கொள்வதில்லை. ஓராண்டில் தொடை சுருங்கிவிட்டது, நாற்காலியிலிருந்து கையூன்றித்தான் எழுகிறார். காலையில் ஓட்ஸ் கஞ்சி, மதியம் சோறும் ஒரு கரண்டி பருப்பும், இரவு இரண்டு கோதுமை ரொட்டியும் காய்கறியும். தினமும் பருப்பு சாப்பிட்டும் ஏன் இப்படி?

அந்த ஒரு கரண்டியை முதலில் பார்ப்போம். வேகவைத்த பருப்பில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 9 கிராம் புரதம் இருக்கும். ஆனால் அது கெட்டியாக இருக்கும்போதுதான். நீர்க்க வைத்த பருப்பைச் சற்று நேரம் அப்படியே விட்டால் பருப்பு அடியில் தங்கும், மேலே மஞ்சள் நீர் தெளிந்து நிற்கும். வீட்டிலுள்ள மற்றவர்களுக்கு அடியிலிருந்து அள்ளிப் போட்டுவிட்டுத் தனக்கு மேலிருந்து ஊற்றிக்கொள்ளும் மூதாட்டிகள் பலரைப் பார்த்திருக்கிறேன். உங்கள் அம்மாவின் கரண்டியில் காய்ந்த நிலையில் 20 கிராம் பருப்பு இருந்தால், கிடைப்பது 5 கிராம் புரதம். கஞ்சியில் 5, சோற்றில் 5, ரொட்டியில் 7, காய்கறிகளில் சிறிது என்று கூட்டினால் ஒரு நாளுக்கு முப்பது கிராமைத் தொடாது.

அவருக்குத் தேவை அதைப்போல் இரு மடங்குக்கும் மேல். இளையோருக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.8 கிராம் போதும் என்பார்கள். முதியோருக்கு 1 முதல் 1.2 கிராம் வரையும், நோயும் மெலிவும் இருந்தால் 1.5 கிராம் வரையும் பரிந்துரைக்கப்படுகிறது. தாவரப் புரதம் சற்றுக் குறைவாகவே செரிக்கும் என்பதால் 1.2 கிராமையே அடித்தளமாக வைக்கிறேன். 55 கிலோவுக்கு அது 66 கிராம். அதை ஒரே வேளையில் குவிக்காமல், வேளைக்கு 20 கிராமுக்குக் குறையாமல் பிரிக்க வேண்டும். ஏனெனில் முதிய தசை சிறு அளவுப் புரதத்துக்கு அசைந்து கொடுப்பதில்லை. இளைஞனின் தசை 15 கிராமிலேயே விழித்துக்கொள்ளும் இடத்தில், எழுபது வயதுத் தசைக்கு வேளைக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் அளவில் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. அவர் கணக்கில் அது 22 கிராம்.

இப்போது அவருடைய அதே சாப்பாட்டையே திருத்துவோம். காலையில் 40 கிராம் ஓட்ஸைத் தண்ணீருக்குப் பதிலாக, இனிப்பு சேர்க்காத 250 மில்லி சோயா பாலில் காய்ச்சி, 30 கிராம் நிலக்கடலையை அரைத்துக் கலந்தால் 20 கிராம் வந்துவிடும். மதியம் சோற்றைக் கூட்டாமல், பருப்பைக் காய்ந்த அளவில் 60 கிராமாக்கிக் கெட்டியாகக் கொடுங்கள். அதில் 14, சோற்றில் 5, காய்கறியில் 2, ஆக 21. இரவு அந்த இரண்டு ரொட்டிகளுடன், காய்ந்த அளவில் 30 கிராம் மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து உதிர்த்து காய்கறியோடு சேர்த்தால் 22. மாலையில் ஒரு கைப்பிடி அவித்த கொண்டைக்கடலையும் சேர்ந்தால் இலக்கு நிறைவேறும். சோயா பாலில் கவனம் தேவை. பாதாம் பால், ஓட்ஸ் பால் என்று விற்கப்படுபவற்றில் பெரும்பாலும் புரதம் பெயருக்குத்தான் இருக்கும்.

ஒரே நாளில் இதற்கு மாறாதீர்கள், வயிறு ஊதி அவர் எல்லாவற்றையும் வெறுத்துவிடுவார். வாரத்துக்கு ஒரு வேளை என்று மாற்றுங்கள். அத்துடன், நாற்காலியிலிருந்து எழுந்து உட்காரும் பயிற்சி இல்லாமல் இந்தப் புரதம் தசையாகத் தங்காது. கைகளை மார்பில் கட்டிக்கொண்டு ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை நொடி ஆகிறது என்று மாதம் ஒருமுறை குறித்து வையுங்கள். 15 நொடிக்கு மேல் ஆவது கால் வலுவிழந்ததன் அடையாளம். இப்போது அவரால் கையூன்றாமல் எழவே முடியாது என்பதால் உயரமான இருக்கையில் தொடங்குங்கள். எடையும் தானாகக் குறைந்திருந்தால் உணவை மாற்றும் முன் மருத்துவரிடம் காட்டுங்கள். தைராய்டு, சர்க்கரை, புற்றுநோய் எல்லாம் இதே வேடத்தில் வரும்.

கேள்வி: தானியமும் பருப்பும் ஒரே தட்டில் சேராவிட்டால் புரதம் வீண். நீங்கள் காலையில் பருப்பே கொடுக்கவில்லையே?

பாதி சரி. புரதத்தின் கட்டுமானப் பொருள்களான அமினோ அமிலங்களில் ஒன்று லைசின். தானியப் புரதத்தில் அது குறைவு, கோதுமையில் மிகக் குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் குறைவான மெத்தியோனைன் என்ற இன்னொரு அமினோ அமிலம் தானியத்தில் இருக்கிறது. இந்த இட்டுநிரப்பல் உண்மை, ஆனால் ஒரே தட்டில்தான் நிகழ வேண்டும் என்பது பழைய கருத்து. 1971இல் வெளிவந்து பெரும் புகழ்பெற்ற ஒரு நூலால் அது பரவியது. பத்தாண்டு கழித்து வந்த பதிப்பில் அதன் ஆசிரியரே அந்தக் கட்டாயத்தைத் தளர்த்திவிட்டார். உண்ட லைசினின் ஒரு பகுதி தசையில் பல மணி நேரம் இருப்பில் இருக்கும் என்பதால் காலைப் பருப்பு மதியச் சோற்றுக்கு உதவும். மேலும், காலைக் கஞ்சியில் இருக்கும் சோயாவும் பருப்பு இனமே.

கேள்வி: சிறுநீரகம் கெட்டுப்போகாதா?

நலமான சிறுநீரகத்தை இந்த அளவுகள் கெடுப்பதாக ஆதாரமில்லை. நலமாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சிறுநீரகப் பரிசோதனையில் வழக்கமாக அளக்கும் கிரியாட்டினின் தசையிலிருந்து வருவது. தசை கரைந்த முதியவரிடம் அது இயல்பாகவே குறைந்து காட்டும், அறிக்கையில் எல்லாம் சரி என்றே தெரியும். மெலிந்தவர்களுக்கு, தசை அளவை அதிகம் சாராத சிஸ்டாட்டின் சி என்ற பரிசோதனையையும் மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். வடிகட்டும் அளவு, அதாவது ஈஜிஎஃப்ஆர், 30க்குக் கீழே இருந்து டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்கு மேலே சொன்ன எதுவும் பொருந்தாது. அவர்களுக்கு அளவைச் சிறுநீரக மருத்துவரே சொல்ல வேண்டும்.

கேள்வி: ஒரே தட்டு வாதத்துக்குத் திரும்புகிறேன். இளையோருக்கு நீங்கள் சொல்வது பொருந்தலாம். முதியோருக்கு ஒவ்வொரு வேளையிலும், தசை உருவாக்கத்தைத் தூண்டும் அமினோ அமிலமான லூசின் 2.5 கிராம் வேண்டும் என்கிறார்களே? உங்கள் மதிய உணவில் அது இருக்கிறதா?

இது நல்ல கேள்வி, நழுவ மாட்டேன். பருப்புப் புரதத்தில் லூசின் ஏறத்தாழ 7 விழுக்காடு, அரிசியில் 8. மதிய உணவைக் கணக்கிட்டால் 1.5 கிராம் அளவில்தான் நிற்கிறது. இரவு சோயாவோடு 1.7. நீங்கள் சொல்லும் எல்லையை எந்த வேளையும் எட்டவில்லை.

ஆனால் அந்த 2.5 கிராம் எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். பெரும்பாலும் பாலிலிருந்து பிரித்தெடுக்கும் வே புரதம் போல விரைவில் செரிக்கும் தூளைக் குடிக்கக் கொடுத்து, அடுத்த சில மணி நேரத் தசை உருவாக்கத்தை அளந்த ஆய்வுகள் அவை. மென்று உண்ட முழு உணவு மெதுவாக வருகிறது, நெடுநேரம் வருகிறது. அதே எல்லை அதற்கும் பொருந்துமா என்பது முடிவாகவில்லை. முதியவர்களில் மாதக்கணக்கில் கால் வலுவை அளந்து தாவர உணவை ஒப்பிட்ட ஆய்வுகள் குறைவு.

கேள்வி: குறுக்கிடுகிறேன். என் மாமனாருக்கு 80 வயது. தட்டில் தானியம், பருப்பு, சோயா மூன்றும் சேர்ந்தே கொடுத்தேன், ஆறு மாதத்தில் கைத்தடியை விட்டுவிட்டார். ஒரே தட்டு என்பதுதான் சரி.

மகிழ்ச்சி. ஆனால் அவர் தட்டில் சேர்ந்தது சேர்க்கை மட்டும்தானா, அளவும் கூடியதா? மூன்றையும் வைத்தபோது மொத்தப் புரதம் எவ்வளவு உயர்ந்தது, அவர் நடக்கத் தொடங்கினாரா என்று தெரியாமல் தட்டுக்கே பெருமை தர முடியாது.

கேள்வி: லூசின் கேட்டவன்தான். முடிவாகவில்லை என்றால் எச்சரிக்கையோடு மேல் அளவைத்தானே எடுக்க வேண்டும்?

பசி இருந்தால் நானும் அதைத்தான் சொல்வேன். வேளைக்கு 30 கிராமாக உயர்த்தி, சோயாவை இரு வேளைகளில் வைத்தாலும் லூசின் 2.5 கிராமை ஒட்டித்தான் வரும். ஆனால் 55 கிலோ மூதாட்டியின் வயிற்றில் அவ்வளவு பருப்புக்கு இடமிருக்காது. நிறைந்த வயிறு அடுத்த வேளையைத் தின்றுவிடும். மொத்த உணவு குறைந்தால் உண்ட புரதமும் எரிபொருளாகச் செலவாகும். ஆகவே முதலில் 20ஐ மூன்று வேளையும் உறுதிப்படுத்துகிறேன். போதாதென்றால் பட்டாணி அல்லது சோயாப் புரதத் தூளை ஒரு தேக்கரண்டி கஞ்சியில் கலக்கிறேன். அது இடத்தை அடைக்காது. உங்களுக்கும் எனக்கும் இதில் ஒப்புதல் வராது என்று நினைக்கிறேன்.

கேள்வி: நூறு கிராம் பருப்பில் 24 கிராம் புரதம் என்று போட்டிருக்கிறது. நீங்கள் 9 என்கிறீர்கள்.

24 காய்ந்த பருப்புக்கு, 9 வெந்ததற்கு. வித்தியாசம் தண்ணீர்.

கேள்வி: முளைகட்டினால் புரதம் இரட்டிப்பாகுமாமே?

ஆகாது. விதைக்குள் புரதம் எங்கிருந்தும் புதிதாக வருவதில்லை. நீர் ஏறுவதால் நூறு கிராமுக்கான அளவு குறையவே செய்கிறது. செரிமானம் எளிதாகலாம், அவ்வளவுதான். முதியவருக்கு முளைப்பயறைப் பச்சையாகக் கொடுக்காதீர்கள், கிருமித் தொற்று அபாயம் உண்டு.

கேள்வி: தைராய்டு மாத்திரை எடுக்கிறேன். சோயா தொடலாமா?

தொடலாம். மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, சோயா பாலைச் சுமார் நான்கு மணி நேரம் தள்ளி வையுங்கள். மாத்திரையின் உறிஞ்சலை அது குறைக்கக்கூடும் என்பதே சிக்கல். உங்களைப் பொறுத்தவரை காலைக் கஞ்சி பருப்பால் ஆகட்டும், சோயா மதியமோ இரவோ வரட்டும். தினமும் உண்ணத் தொடங்கியபின் சில வாரத்தில் டிஎஸ்ஹெச் அளவை மீண்டும் பார்க்கச் சொல்லுங்கள்.

கேள்வி: சோயா சாப்பிட்டால் ஆண்களுக்குப் பெண் ஹார்மோன் கூடிவிடும் என்பது உண்மையா?

மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் வழக்கமான அளவுகளுக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

கேள்வி: எனக்கு 28 வயது, ஜிம் போகிறேன். எவ்வளவு மீல்மேக்கர்?

இந்த அமர்வு முதியோருக்கானது. உங்கள் பயிற்சியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: பருப்பு, சோயா எல்லாம் சிறுநீரகத்தைப் பாதிக்குமா?

மேலே எழுதிவிட்டேன். சிஸ்டாட்டின் சி என்ற வரியை மட்டுமாவது படியுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குப் பல்செட். கொண்டைக்கடலையை மெல்ல முடியவில்லை, மீல்மேக்கர் ரப்பர் போலிருக்கிறது என்று துப்பிவிடுகிறார்.

கொண்டைக்கடலையை ஒரு இரவு முழுதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டு, விரலிடையில் நசுங்கும்வரை வேகவைத்து, தோலைத் தேய்த்து எடுத்து மசியுங்கள். வாயுத் தொல்லையும் அதனால் குறையும். மீல்மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து இருமுறை பிழிந்தபின் மிக்ஸியில் ஒரே சுற்று விட்டால் ரவை போல உதிரும்; அதைக் காய்கறியில் கலந்தால் ரப்பர் தெரியாது. அதுவும் பிடிக்காவிட்டால் மென்மையான டோஃபுவைக் கஞ்சியில் கரைத்துவிடுங்கள். மென்மையான டோஃபுவில் நீர் அதிகம், புரதம் கெட்டியானதைவிடக் குறைவு என்பதால் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். விழுங்கும்போது இருமினாலோ குரல் ஈரமாக ஒலித்தாலோ இதையெல்லாம் நிறுத்திவிட்டு, விழுங்குதல் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.