இருபது வேண்டாம், எட்டுச் சொற்கள் போதும்

கேள்வி: ஏழாம் வகுப்புக்குத் தமிழை இரண்டாம் மொழியாகக் கற்பிக்கிறேன். வாரம் 4 வகுப்பு, ஒவ்வொன்றும் 40 நிமிடம். பாடத்துக்கு 20 சொற்களைப் பொருளோடு எழுதிப் படிக்கச் சொல்கிறேன். வெள்ளிக்கிழமைத் தேர்வில் நன்றாகவே எழுதுகிறார்கள். இரண்டு வாரம் கழித்து அதே சொல் ஒரு கதையில் வந்தால் முதன்முறை பார்ப்பதுபோல் விழிக்கிறார்கள். சூழல், படம், இடைவெளி விட்ட மீள்பார்வை ஆகிய மூன்றையும் வைத்து ஒரு பாடத்திட்டம் சொல்ல முடியுமா?

பதில்: அந்த வெள்ளிக்கிழமைத் தேர்விலிருந்தே தொடங்குவோம். முந்தின இரவு ஒரே மூச்சில் படித்ததை மறுநாள் எழுதிவிட முடியும். அது வியாழன் இரவைத்தான் அளக்கிறது. தேர்வு முடிந்தபின் அந்தச் சொற்களை யாரும் அவர்களிடம் திரும்பக் கேட்பதில்லை. ஆகவே முதல் மாற்றம், புதுச் சொற்களைக் குறைத்து, அதில் மிச்சமாகும் நேரத்தைப் பழைய சொற்களைக் கேட்பதற்குக் கொடுப்பது. பாடத்தில் 20 புதுச் சொற்கள் இருந்தால் எட்டை மட்டும் கற்பியுங்கள். மற்ற பன்னிரண்டுக்கும் பக்க ஓரத்தில் பொருள் எழுதித் தந்துவிட்டு நகருங்கள். எந்த எட்டு என்பதில் குழப்பம் வந்தால், இந்தச் சொல் வேறு பாடத்திலும் பேச்சிலும் மறுபடி வருமா என்று பாருங்கள். குளத்தைப் பற்றிய கதையில் ‘துடுப்பு’ ஓரத்துக்குப் போகலாம். ‘தயங்கு’, ‘விளிம்பு’, ‘வழுக்கு’ மூன்றையும் கற்பிக்க வேண்டும்.

எட்டைத் தேர்ந்தெடுக்கும்போது ஓர் எச்சரிக்கை. ‘மேடு’, ‘பள்ளம்’ போன்ற எதிர்ச்சொற்களை ஒரே நாளில் தராதீர்கள். பாடநூல்கள் இப்படித்தான் அடுக்கும். பார்க்கவும் ஒழுங்காக இருக்கும். ஆனால் மாணவருக்கு அந்த இணை நினைவிருக்கும், எது எதற்கு என்பது மட்டும் மாறிவிடும். ஒரே வகைச் சொற்களைச் சேர்த்துக் கற்பது தொடர்பற்ற சொற்களைக் கற்பதைவிடக் கடினம் என்பதை 1990களில் டிங்கம் என்ற ஆய்வாளரின் சோதனைகள் காட்டின. ‘வலி’, ‘வழி’ போல ஒலியில் நெருங்கியவற்றுக்கும் இதே கதிதான். ஒன்று நன்றாகப் பதிந்த சில வாரங்களுக்குப் பிறகு மற்றதைக் கொண்டுவாருங்கள்.

அடுத்தது சூழல். சூழலிலிருந்து ஊகிக்கட்டும் என்று விட்டுவிட்டால் பெரும்பாலும் தவறாகத்தான் ஊகிப்பார்கள். அது அவர்கள் குற்றமன்று. பிறர் உதவியின்றி ஒரு கதையைப் படித்துப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் சுமார் 98 விழுக்காடு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்று ஹூவும் நேஷனும் 2000ஆம் ஆண்டு ஆய்வில் கணித்தார்கள். அதாவது நூறு சொல்லில் இரண்டுக்கு மேல் புதிதாக இருக்கக் கூடாது. பாடநூல் பத்தி எதுவும் அப்படி இருப்பதில்லை. எனவே ஒவ்வொரு சொல்லுக்கும் நீங்களே இரண்டு மூன்று வரி எழுத வேண்டும். அதில் அந்த ஒரு சொல் தவிர எல்லாம் அவர்களுக்குத் தெரிந்தவையாக இருக்க வேண்டும். வரி எழுதியபின், அந்தச் சொல்லை மறைத்துவிட்டுப் படித்துப் பாருங்கள். ‘குமரன் தயங்கியபடி அப்பாவிடம் சென்றான்’ என்பதில் அந்த இடத்தில் அழுதபடி, சிரித்தபடி, ஓடியபடி எல்லாமே பொருந்தும். இந்த வரியால் பயனில்லை. இதைப் பாருங்கள்: ‘எல்லோரும் குளத்தில் குதித்துவிட்டார்கள். குமரன் மட்டும் தயங்கினான். ஒரு காலை முன்னே வைத்தான். உடனே பின்னால் எடுத்தான். குதிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டே நின்றான்.’

இனி இந்த ஒரு சொல்லை வகுப்பில் எடுக்கும் விதத்தைச் சொல்கிறேன். ஏறக்குறைய மூன்று நிமிடம் ஆகும். வரிகளை இருமுறை வாசியுங்கள். பொருளைச் சொல்லாமல் மூன்று கேள்வி கேளுங்கள்: குமரன் குதித்தானா? அவனுக்குக் குதிக்க ஆசை இருந்ததா? பிறகு ஏன் நின்றான்? ஒவ்வொருவரும் தம் ஊகத்தைத் தாய்மொழியிலேயே ஒரு துண்டுத் தாளில் எழுதட்டும். பாதிப் பேராவது ‘பயந்தான்’ என்ற பொருளில் எழுதுவார்கள். நெருங்கிய ஊகம், ஆனால் சரியன்று. தவறு என்று சொல்ல வேண்டாம். படங்கள் அதைச் சொல்லும்.

நாய் துரத்த ஒரு பையன் தலைதெறிக்க ஓடும் படத்தைக் காட்டி, ‘பயப்படுகிறானா? தயங்குகிறானா?’ என்று கேளுங்கள். அடுத்து, வகுப்பில் கையைப் பாதி உயர்த்தி அப்படியே நிறுத்திக்கொண்ட ஒரு பெண். பிறகு, கதவைத் தட்டப் போய் விரலை மடக்கியபடி நிற்கும் ஒருவன். இந்த இருவரும் தயங்குகிறார்கள் என்று சொல்லி, இவர்களுக்கும் குமரனுக்கும் பொதுவாக என்ன என்று கேளுங்கள். செய்ய நினைக்கிறார்கள், ஆனால் உடனே செய்யவில்லை என்பது மாணவர் வாயிலிருந்தே வரும். அதன்பின் தாய்மொழிச் சொல்லைத் தாராளமாகச் சொல்லலாம். அதைத் தீட்டுப்போல ஒதுக்குவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊகித்து முடித்த பிறகு உறுதிசெய்ய அதைவிடச் சுருக்கமான வழி கிடையாது.

படம் ஒன்று போதாதா என்று கேட்கலாம். நான் ஒருமுறை ‘விளிம்பு’ என்பதற்கு ஒரு கோப்பையின் படத்தை மட்டும் காட்டி, அதன் ஓரத்தில் சிவப்பு அம்புக்குறியும் போட்டேன். அடுத்த வாரம் கேட்டபோது வகுப்பில் கால்வாசிப் பேர் விளிம்பு என்றால் கோப்பை என்றார்கள். அம்புக்குறி எனக்குத்தான் தெரிந்திருக்கிறது. அன்றிலிருந்து கோப்பை, மேசை, குளம் என மூன்று பொருள்களில் விளிம்பைக் காட்டுகிறேன். வினைச்சொல்லுக்குப் பொருந்தும் படம் இரண்டும், பொருந்தாத படம் ஒன்றுமாவது தேவை. கோட்டோவியம் போதும், அழகான வண்ணப் படத்தில் பின்னணிதான் கண்ணை இழுக்கும். ‘எனினும்’, ‘நேர்மை’ போன்றவற்றுக்குப் படம் தேடி அலைய வேண்டாம். அவற்றுக்கு நல்ல வரிகளும் தாய்மொழிச் சொல்லும் போதும்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கேயே தீர்த்துவிடுங்கள். ‘தயங்கு’ தெரிந்த மாணவர் ‘தயக்கத்தோடு’ என்பதைக் கண்டால் வேறு சொல் என்று நினைத்துவிடுவார். உங்கள் மாணவர்கள் கதையில் விழிப்பதற்குப் பாதிக் காரணம் இதுவாக இருக்கலாம். தேர்வில் வேர்ச்சொல்லைத் தருகிறீர்கள், கதையோ அதை உடை மாற்றி அனுப்புகிறது. எனவே தயங்கினாள், தயங்காமல், தயக்கம் என மூன்று வடிவங்களைப் பலகையில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, மாறாத பகுதிக்கு அடிக்கோடிடுங்கள். ‘தயக்கம்’ என்பதில் ‘ங்’ என்பது ‘க்’ ஆனதை மட்டும் சுட்டிக் காட்டினால் போதும். இலக்கண விளக்கத்துக்குள் போக வேண்டாம்.

வாரத்தின் முதல் வகுப்பில் பழைய சொற்களுக்கு 5 நிமிடம், எட்டுப் புதுச் சொற்களுக்கு 22 நிமிடம், பாடப் பத்தியைப் படிக்க 8 நிமிடம். கடைசி 5 நிமிடம் புத்தகத்தை மூடிவிட்டு, படங்களை மட்டும் காட்டிச் சொல்லை எழுதச் சொல்லுங்கள். பொருட்பெயர்கள் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும் என்பதால் வினைச்சொற்களுக்கு நேரம் கிடைக்கும்.

இடைவெளியை இப்படி அமைக்கலாம். இரண்டாம் வகுப்பின் தொடக்கத்தில் இந்த வாரத்து எட்டு. மூன்றாம் வகுப்பில் சென்ற வாரத்து எட்டு. நான்காம் வகுப்பில் மறுபடி இந்த வாரத்து எட்டு. அடுத்து வரும் முதல் வகுப்பில், புதுச் சொற்களுக்கு முன், நான்கு வாரத்துக்கு முன் கற்பித்த எட்டு. இப்படிச் செய்தால் ஒவ்வொரு சொல்லும் ஓரிரு நாளில், வாரக் கடைசியில், ஒன்பது பத்து நாளில், நான்கு வாரத்தில் என நான்கு முறை திரும்பி வரும். எந்த வகுப்பிலும் எட்டுக்கு மேல் கேட்க வேண்டியதில்லை. 5 நிமிடத்தில் முடியும்.

அந்த 5 நிமிடத்தில் பொருளைத் திரும்ப வாசித்துக் காட்டுவது வீண். அவர்கள் நினைவிலிருந்து எடுக்க வேண்டும். கார்பிக்கும் ரோடிகரும் 2008இல் வெளியிட்ட ஆய்வில் கல்லூரி மாணவர்கள் 40 சுவாஹிலிச் சொற்களைக் கற்றார்கள். ஒரு சொல்லை ஒருமுறை சரியாகச் சொன்ன பின்னும் அதைத் தொடர்ந்து கேட்டு வந்த குழுவுக்கு, ஒரு வாரம் கழித்துச் சுமார் 80 விழுக்காடு நினைவிருந்தது. சரியாகச் சொன்னதும் கேட்பதை நிறுத்திவிட்டு, படிக்க மட்டும் வைத்த குழுவுக்குச் சுமார் 35 விழுக்காடுதான். உங்கள் வகுப்பில் அதே எண்கள் வராது. போக்கு அதுவாகத்தான் இருக்கும்.

‘யாருக்குத் தெரியும்?’ என்று கேட்டால் வழக்கமான நால்வர் கை தூக்குவார்கள், மற்றவர்கள் ஓய்வெடுப்பார்கள். எல்லோரும் துண்டுத் தாளில் எழுதி, ஒரே நேரத்தில் உயர்த்திக் காட்டட்டும். பத்து நொடி மௌனத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தில்தான் வேலை நடக்கிறது. கேட்கும் விதத்தை ஒவ்வொரு முறையும் மாற்றுங்கள். முதல் முறை படம் காட்டிச் சொல் கேளுங்கள். இரண்டாம் முறை புது வரியில் கோடிட்ட இடம்: ‘விடை தெரிந்திருந்தும் மாலா சொல்லத் த______.’ மூன்றாம் முறை ‘தயக்கமின்றி’ போன்று வடிவம் மாறிய சொல்லை வரியில் வைத்துப் பொருள் கேளுங்கள். நான்காம் முறை, ‘நீ கடைசியாக எப்போது தயங்கினாய்?’ என்று கேட்டு ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்.

தாள்களைப் பார்க்கும்போது பிழை எந்த வகை என்று கவனியுங்கள். படத்தைப் பார்த்ததும் தாய்மொழியில் பொருளைச் சொல்லிவிட்டு, தமிழ்ச் சொல் வராமல் திணறினால் சிக்கல் ஒலியிலும் எழுத்திலும் இருக்கிறது. அசைபிரித்துச் சொல்லவையுங்கள், எழுதவையுங்கள். மறுபடி விளக்கம் தர வேண்டாம். ‘நாயைக் கண்டு தயங்கி ஓடினான்’ என்று எழுதினால் சொல் இருக்கிறது, பொருள் எல்லை மங்கியிருக்கிறது. அந்த மாணவருக்குப் பொருந்தாத படத்தைத் திரும்பக் காட்டுங்கள். வகுப்பில் கால்வாசிக்கு மேல் தவறவிட்ட சொல்லை அடுத்த வகுப்பு எட்டோடு சேர்த்துவிடுங்கள். அப்படிச் சேரும் சொற்கள் மூன்றைத் தாண்டினால் அடுத்த வாரம் புதுச் சொற்களை ஐந்தாகக் குறையுங்கள்.

வெள்ளிக்கிழமைத் தேர்வை நிறுத்த முடியாதென்றால் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி வினாக்கள் நான்கு வாரத்துக்கு முந்தைய சொற்களிலிருந்தும், அவர்கள் முன்பு பார்த்திராத வரிகளிலும் வரட்டும். முதல் முறை மதிப்பெண் சரியும், பெற்றோரிடமிருந்து கேள்வியும் வரும். அதனால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். இடையில் நீண்ட விடுமுறை வந்தால் அட்டவணையில் எதையும் தாண்டிப் போகாமல் அப்படியே பின்னுக்குத் தள்ளுங்கள். திரும்பி வந்த முதல் வகுப்பில் புதுச் சொல் எதுவும் வேண்டாம்.