சாம்பாருக்கு எத்தனை கலோரி, எந்த ஆப்பை நம்புவது?

கேள்வி: வயது 44. எடையைக் குறைக்க ஒரு நாளைக்கு 1,500 கலோரிக்குள் சாப்பிடச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மூன்று வேளையும் வீட்டுச் சாப்பாடுதான். இரண்டு ஆப்களில் ஒரே மதியச் சாப்பாட்டைப் பதிவு செய்து பார்த்தேன். ஒன்று 480 என்கிறது, இன்னொன்று 810 என்கிறது. எதை நம்புவது? காசு கட்டி வாங்கினால் சரியாக இருக்குமா?

பதில்: காசு கட்டினாலும் அந்த 330 கலோரி வித்தியாசம் போகாது. கட்டணத் திட்டத்தில் பெரும்பாலும் கிடைப்பது ஆலோசகர், விளம்பரம் இல்லாத திரை, கூடுதல் வரைபடங்கள். உங்கள் வீட்டுச் சாம்பாரின் கணக்கு அதிலும் கிடையாது.

வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்று பார்ப்போம். முதல் சந்தேகம் சோற்றின் மேல். 100 கிராம் பச்சரிசியோ புழுங்கலரிசியோ ஏறத்தாழ 350 கலோரி. வெந்து தண்ணீர் குடித்த பிறகு 100 கிராம் சோறு 125 முதல் 130 கலோரிதான். ஆப்பில் வெறுமனே rice என்று தேடினால் இரண்டும் கலந்து வரும். தட்டில் இருக்கும் 250 கிராம் சோற்றை அரிசிக் கணக்கில் போட்டுவிட்டால் 315 வரவேண்டிய இடத்தில் 875 வந்து நிற்கும். எனவே பதிவைத் தேர்ந்தெடுக்கும் முன் 100 கிராமுக்கு எவ்வளவு போட்டிருக்கிறது என்று பாருங்கள். 350 பக்கம் என்றால் அது raw, அதாவது அரிசி. 130 பக்கம் என்றால் cooked, அதாவது சோறு.

இரண்டாவது, அளவு. ஒரு ஆப்பில் ‘கப்’ என்றால் 240 மில்லி. இன்னொன்றில் ‘கட்டோரி’ என்ற வடநாட்டுச் சின்னக் கிண்ணம், அது கப்பில் பாதியைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கும். நம் வீட்டில் இருப்பதோ குழிக்கரண்டியும் எவர்சில்வர் கிண்ணமும். ‘2 கப்’ என்று போட்டீர்களா ‘2 கட்டோரி’ என்று போட்டீர்களா என்பதிலேயே சோற்றுக் கணக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பாகிவிடும். கிராமில் பதிவு செய்ய விடாத ஆப் எதுவாக இருந்தாலும் வேண்டாம் என்பது என் கட்சி.

மூன்றாவதுதான் பெரிய விஷயம்: எண்ணெயும் தேங்காயும். கால் கிலோ பீன்ஸில் மொத்தம் 80 கலோரிகூட இல்லை. அதைப் பொரியல் செய்ய 3 டீஸ்பூன் எண்ணெய் ஊற்றினால் 120, 30 கிராம் தேங்காய் துருவிப் போட்டால் இன்னொரு 105. பொரியலின் 305 கலோரியில் முக்கால் பங்கு காயில் இல்லை. ஆப்பில் ‘பீன்ஸ் பொரியல்’ என்று இருப்பது வேறு யாரோ ஒருவர் வீட்டு வாணலி. அவர் எவ்வளவு எண்ணெய் ஊற்றினாரோ, அது உங்கள் தட்டுக்கு எப்படிப் பொருந்தும்?

இனி ஆப்களுக்கு வருகிறேன். ஹெல்திஃபைமி நம் ஊர்ச் சாப்பாட்டுக்கென்றே வளர்ந்தது. பொங்கல், ரசம், கூட்டு, அடை எல்லாம் தேடியதும் கிடைக்கும். பயன்படுத்த மிகச் சுலபம், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பதிவுகள் பொதுவான ஒரு செய்முறையை வைத்துப் போட்ட சராசரி. போதாக்குறைக்குத் திட்டம் வாங்கச் சொல்லி அடிக்கடி நினைவூட்டும். மைஃபிட்னஸ்பால் பட்டியல் மிகப் பெரியது. அதில் பெரும்பகுதி பயன்படுத்துபவர்களே சேர்த்தது, அதனால் சாம்பார் என்று தேடினால் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத எண்கள் வரிசையாக வரும். பாக்கெட் உணவு அதிகம் சாப்பிடுபவருக்கு அது உதவும், உங்களுக்கு அல்ல. குரோனோமீட்டர் இதற்கு நேர் எதிர்: பட்டியல் சுருக்கம், நம் பலகாரங்கள் குறைவு, ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் தகவல் எந்த ஆய்வக அட்டவணையிலிருந்து வந்தது என்று பக்கத்திலேயே போட்டிருக்கும். அரிசி, பருப்பு, எண்ணெய், காய் போன்ற மூலப்பொருள்களுக்கு மூன்றில் இதைத்தான் நம்புவேன். சொந்தச் செய்முறையைச் சேர்க்கும் வசதியும் இலவசக் கணக்கிலேயே இருக்கிறது.

ஆகவே உங்களுக்கு என் பரிந்துரை குரோனோமீட்டரின் இலவசப் பதிப்பு. கூடவே ஒரு கிச்சன் தராசு. சில நூறு ரூபாய்தான் ஆகும், நீங்கள் செலவழிக்க வேண்டியது அதற்குத்தான். ஐந்து கிலோ வரை தாங்குவதாக, பாத்திரத்தை வைத்துப் பூஜ்யமாக்கும் ‘டேர்’ பொத்தான் உள்ளதாகப் பாருங்கள்.

சாம்பாரை எப்படிப் பதிவு செய்வது என்று ஒரு தடவை செய்து காட்டுகிறேன். நால்வருக்கான சாம்பார். 100 கிராம் துவரம்பருப்பு 335 கலோரி. முருங்கைக்காய், முள்ளங்கி, தக்காளி எல்லாம் சேர்த்து கால் கிலோ, 60. நெல்லிக்காய் அளவு புளி 20 கிராம், 50. சாம்பார்ப் பொடி 15 கிராம், 45. தாளிக்க 2 டீஸ்பூன் எண்ணெய், 80. மொத்தம் 570 கலோரி. இதையெல்லாம் ஆப்பில் ‘வீட்டுச் சாம்பார்’ என்று ஒரு செய்முறையாகச் சேர்த்துவிடுங்கள்.

அடுத்த படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சமைக்கும் முன்பே வெறும் பாத்திரத்தை நிறுத்து எழுதி வையுங்கள். இறக்கிய பிறகு சாம்பாரோடு நிறுத்து, பாத்திரத்தின் எடையைக் கழியுங்கள். இந்தக் கணக்கில் சாம்பார் 1,200 கிராம் என்று வையுங்கள். 570-ஐ 1,200 கிராமுக்குப் பங்கிட்டால் 100 கிராமுக்கு 48 கலோரிக்குக் கொஞ்சம் குறைவு. எங்கள் வீட்டுக் குழிக்கரண்டி நிரம்ப மொண்டால் 75 கிராம். இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டால் 71 கலோரி. உங்கள் கரண்டியையும் ஒரு தடவை நிறுத்துவிட்டீர்களானால் பிறகு தினமும் தராசை எடுக்க வேண்டாம். ‘2 கரண்டி’ என்றாலே கணக்கு தெரிந்துவிடும். தண்ணியாக வைத்த நாளில் மட்டும் எண் கொஞ்சம் இறங்கும், அதைப் பற்றிக் கவலைப்படாதீர்கள்.

மாவுக்கும் இதே வழி. 800 கிராம் இட்லி அரிசி, 200 கிராம் உளுந்து என்றால் மொத்தம் சுமார் 3,470 கலோரி. அதில் 60 இட்லி வந்தால் ஒன்று 58. அரைத்த மாவு இரண்டரை கிலோ இருந்தால் ஒரு தோசைக்கு ஊற்றும் 80 கிராம் மாவு 111, சுற்றி விடும் ஒரு டீஸ்பூன் எண்ணெய் 40, ஆக 151. இட்லிக்கும் தோசைக்கும் நடுவில் நிற்பது அந்த எண்ணெயும், தோசைக்கு மாவு கூடுதலாக ஊற்றுவதும்தான்.

எண்ணெயை நிறுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. தராசின் மேல் வாணலியை வைத்து எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டால் மலிவான தராசு அதைக் கவனிக்கவே கவனிக்காது. எண் அசையாமல் நிற்கும், நாம் பாட்டுக்கு ஊற்றிக்கொண்டே இருப்போம். நான் ஒரு வாரம் அப்படி ஏமாந்தேன். எண்ணெய்ப் பாட்டிலையே சமையலுக்கு முன்னும் பின்னும் நிறுத்து வித்தியாசத்தைப் பாருங்கள், அதுதான் சரி.

இன்னும் எளிதாக மொத்தக் கணக்கையும் சரிபார்க்கலாம். ஒரு லிட்டர் எண்ணெய் சுமார் 910 கிராம், கிராமுக்கு 9 கலோரி, ஆக 8,190. நாலு பேர் வீட்டில் மாதம் மூன்று லிட்டர் தீர்ந்தால் தலைக்கு ஒரு நாளைக்கு 205 கலோரி எண்ணெயிலேயே போகிறது. உங்கள் ஆப்பில் பதிவாகும் எண்ணெய் இதில் பாதிகூட வரவில்லை என்றால் எங்கோ விடுகிறீர்கள் என்று அர்த்தம். வடை சுட்டு மிச்சமான எண்ணெயைக் கொட்டுகிற வீடு என்றால் அதை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள்.

யாரோ சேர்த்த பதிவைத்தான் எடுக்க வேண்டும் என்ற நிலை வந்தால் ஒரு சோதனை. புரதத்தை 4-ஆலும், மாவுச்சத்தை 4-ஆலும், கொழுப்பை 9-ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள். அதில் போட்டிருக்கும் கலோரிக்குப் பக்கத்தில் வரவேண்டும். கொழுப்பு பூஜ்யம் என்று ஒரு தேங்காய்ச் சட்னி கண்ணில் பட்டால் தாண்டிப் போய்விடுங்கள்.

சரி, ஆப்பில் இல்லாத பொருள் வந்தால்? ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017-ல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் அட்டவணை இருக்கிறது, 528 பொருள்கள். பெரும்பாலும் சமைக்காத பொருள்கள்தான், ஆனால் நமக்கு வேண்டியதும் அதுதானே. அதில் ஆற்றல் கிலோஜூலில் போட்டிருக்கும், 4.184-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள். அரிசிக்கு 1,491 என்று பார்த்துத் திகைக்க வேண்டாம், 356 கலோரிதான் அது.

உங்கள் மதியச் சாப்பாட்டையே போட்டுப் பார்ப்போம். 250 கிராம் சோறு 315, இரண்டு கரண்டி சாம்பார் 71, நாலில் ஒரு பங்கு பொரியல் 76, ரசம் 20, ஒரு டம்ளர் மோர் 45. மொத்தம் 527. நீங்கள் சாப்பிட்டதும் இந்த அளவுதான் என்றால் 480 சொன்ன ஆப் கிட்டே வந்திருக்கிறது. அது தற்செயல்தான், நாளைக்குப் புளியோதரை என்றால் கவிழ்த்துவிடும். நாம் கஷ்டப்பட்டு நிறுத்தாலும் பத்து சதவீதம் முன்பின் இருக்கத்தான் செய்யும், எனவே 527-ஐ 530 என்று போட்டுக்கொண்டு போங்கள்.

மாறிமாறி வரும் பத்துப் பன்னிரண்டு சமையல்தான் நம் வீடுகளில். இரண்டு மூன்று வாரத்தில் அத்தனையும் சேர்ந்துவிடும். தராசெல்லாம் சரிப்படாது என்றால் ஹெல்திஃபைமி இலவசப் பதிப்பே போதும், எண்ணெயை மட்டும் தனியாகச் சேருங்கள். தட்டைப் படம் பிடித்தால் கணக்குச் சொல்லும் வசதியும் இப்போது ஆப்களில் வந்திருக்கிறது. எத்தனை இட்லி என்று அது எண்ணிவிடும். சாம்பாருக்குள் கரைந்த எண்ணெய் படத்தில் தெரியாது.

கேள்வி: ஏழு நாள் இலவசம் என்று ஒரு ஆப்பில் சேர்ந்தேன். பிடிக்கவில்லை, மூன்றாம் நாளே நீக்கிவிட்டேன். ஆனாலும் ஒரு வருடச் சந்தா பிடித்துவிட்டார்கள். திரும்பக் கிடைக்குமா?

பதில்: போனிலிருந்து ஆப்பை நீக்கினால் சந்தா நிற்காது. ப்ளே ஸ்டோரில் உங்கள் படத்தைத் தொட்டு, சந்தாக்கள் பகுதிக்குப் போய் அங்கே ரத்து செய்ய வேண்டும். யுபிஐ வழியாகக் கட்டியிருந்தால் அந்தப் பணம் செலுத்தும் ஆப்பிலும் ஆட்டோபே என்ற இடத்தில் அனுமதி உயிரோடு இருக்கும், அதையும் நீக்குங்கள். பணம் பிடித்து 48 மணி நேரம் ஆகவில்லை என்றால் கூகுளிடமே திரும்பக் கேட்கலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஆப் நிறுவனத்துக்கு எழுதுங்கள். அப்புறம், இப்படித் தானாகப் பிடிக்கும் பணத்துக்கு 24 மணி நேரம் முன்பே தகவல் வரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. அப்படி எஸ்எம்எஸ்ஸோ மெயிலோ வந்ததா என்று தேடிப் பாருங்கள். வரவில்லை என்றால் வங்கிக்கு அதைக் குறிப்பிட்டு எழுதுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-லும் புகாரைப் பதிவு செய்யலாம். பணம் பிடித்த நாள், தொகை, நீங்கள் சேர்ந்தபோது திரையில் காட்டிய நிபந்தனை, மூன்றின் படமும் கையில் இருக்கட்டும்.