குறைந்த விலை கார் விளம்பரமும் பதினைந்தாயிரம் அட்வான்ஸும்

கேள்வி: ஈரோட்டுல 2019 ஸ்விஃப்ட் பெட்ரோல் வண்டி 3 லட்சத்து 20 ஆயிரத்துக்கு ஆன்லைன்ல போட்டிருக்காங்க. மத்தவங்க இதே வண்டிக்கு 4.90 கேக்கறாங்க. இவர் சூலூர் ஏர்ஃபோர்ஸ்ல டியூட்டியாம், டிரான்ஸ்ஃபர் ஆயிடுச்சாம். 15,000 அட்வான்ஸ் போட்டாத்தான் வண்டியை எனக்குன்னு நிறுத்தி வைப்பாராம். ஆர்சி போட்டோவும் ஐடி கார்டும் அனுப்பிட்டார். நம்பலாமுங்களா?

பதில்:

பணம் போடாதீங்க. ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினால் சூலூருக்குப் போய்விடலாம். அவ்வளவு பக்கத்தில் இருக்கும் வண்டியைக் காட்டுவதற்கு முன்பே பணம் கேட்கிறவரிடம் பெரும்பாலும் வண்டியே இருக்காது. படை, டிரான்ஸ்ஃபர், அவசர விற்பனை என்ற கதையும் இந்த மோசடியில் பழகிப்போன ஒன்றுதான். சீருடைக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையைத்தான் அவர்கள் பயன்படுத்திக்கொள்கிறார்கள்.

விளம்பரம் நகலா என்று முதலில் பாருங்கள். அதே தளத்தில் ஈரோடு என்ற ஊர் வடிகட்டியை எடுத்துவிட்டு, தமிழ்நாடு முழுவதும் 2019 ஸ்விஃப்ட், அதே நிறம் என்று தேடுங்கள். கேரளா, கர்நாடகா விளம்பரங்களையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். அடுத்து அந்தப் படங்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து கூகுள் லென்ஸில் போடுங்கள். முழுப் படத்தைப் போட்டால் உலகத்தில் உள்ள வெள்ளை ஸ்விஃப்ட் எல்லாம் வந்து நிற்கும். பின்னால் தெரியும் காம்பவுண்ட் சுவர், சீட் கவர், பம்பரில் உள்ள கீறல் என்று அந்த வண்டிக்கே உரிய ஒரு பகுதியை மட்டும் வெட்டிப் போட்டால்தான் பலன் இருக்கும். எதுவும் வரவில்லை என்பதற்காக விளம்பரம் உண்மை என்று ஆகிவிடாது. செயலிக்குள்ளேயே இருக்கும் பல விளம்பரங்கள் கூகுள் கண்ணுக்குப் படுவதில்லை.

ஒரே வண்டி இரண்டு விளம்பரத்தில் சிக்கினால் எது அசல் என்று ஓரளவு ஊகிக்கலாம். நகலில் படங்கள் குறைவாக இருக்கும், ஓரம் வெட்டப்பட்டிருக்கும். தளத்தின் முத்திரை விழும் மூலை காணாமல் போயிருக்கும். நம்பர் பிளேட் மங்கலாக்கப்பட்டிருக்கும். மீட்டர் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். எழுத்தில் 38,000 கிலோமீட்டர் என்று போட்டுவிட்டு, படத்தில் 61,000 இருந்தால், படம் ஒரு இடத்திலும் விவரம் இன்னொரு இடத்திலும் எடுத்தது என்று அர்த்தம்.

அடுத்து வண்டி நம்பர். அதை mParivahan செயலியில் போட்டால் மாடல், எரிபொருள், பதிவான தேதி, எந்த ஆர்டிஓ அலுவலகம், இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் வரும். உரிமையாளர் பெயரில் சில எழுத்துகள் மட்டும் மறைந்திருக்கும். எல்லாம் பொருந்துகிறது என்று இங்கேதான் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். நகல் விளம்பரக்காரர் கொடுப்பது உண்மையான வண்டியின் உண்மையான நம்பர், அதனால் பொருந்தத்தான் செய்யும். இந்தச் சோதனை வண்டி இருக்கிறது என்று சொல்லும். பேசுகிற ஆள் அதன் சொந்தக்காரர் என்று சொல்லாது. ஆர்சி போட்டோவும் அப்படித்தான். அசல் விற்பனையாளரிடம் வாங்குகிறவர் மாதிரிப் பேசி, “ஆர்சி அனுப்புங்க, லோனுக்குப் பார்க்கணும்” என்றால் வந்துவிடும். ஐடி கார்டு இதற்கு முன் ஏமாந்த யாருடையதாகவும் இருக்கலாம்.

இனி, அவர் வண்டியைக் காட்டவே சம்மதித்தால் என்ன? இந்த இடத்தில்தான் விவரம் தெரிந்தவர்களும் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கரூரில் ஒருவர் தன் ஸ்விஃப்டை 4.90-க்கு உண்மையாகவே விற்பனைக்குப் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசடிக்காரர் அவரை அழைத்து, “விலை எனக்குச் சம்மதம். என் மச்சான் ஈரோட்டிலிருந்து வந்து வண்டியைப் பார்ப்பான். அவன் எனக்குப் பணம் தரணும், அதை இதில் கழிக்கிறேன். அதனால அவன்கிட்ட விலை மட்டும் பேசாதீங்க” என்கிறார். அதே படங்களை 3.20 என்று போட்டு உங்களைப் பிடித்து, “வண்டி கரூர்ல என் சித்தப்பா வீட்டுல நிக்குது. போய் ஓட்டிப் பாருங்க. அவர்கிட்ட விலை பேசாதீங்க, குடும்பத்துல ஒரு சங்கடம்” என்கிறார். நீங்கள் மெக்கானிக்கோடு போகிறீர்கள். வண்டி அருமையாக இருக்கிறது, ஆர்சி கையில் இருக்கிறது, வீட்டுக்காரர் காபி கூடக் கொடுக்கிறார். இருவரும் விலையைப் பற்றி வாய் திறக்கவில்லை. வெளியே வந்து அட்வான்ஸ், சில சமயம் முழுப் பணமும், போனில் பேசியவர் சொன்ன கணக்குக்குப் போகிறது. கரூர்க்காரருக்கு ஒரு ரூபாயும் வராததால் சாவி தர மாட்டார். நீங்கள் அவரை மோசக்காரர் என்பீர்கள், அவர் உங்களை அப்படிச் சொல்வார். மூன்றாவது ஆளின் போன் அதற்குள் அணைந்திருக்கும்.

இதை உடைப்பது சுலபம். வண்டி நிற்கும் வீட்டில் இருப்பவரிடம், போனில் பேசியவர் இல்லாமல், மூன்று கேள்வி கேளுங்கள்: வண்டி யார் பெயரில் இருக்கிறது, நீங்கள் என்ன விலை சொல்கிறீர்கள், போனில் பேசுகிறவர் உங்களுக்கு என்ன உறவு. “விலை பேசாதீங்க” என்று யார் சொன்னாலும் அதைத்தான் முதலில் பேச வேண்டும். பிறகு ஆர்சியில் உள்ள பெயரும் பணம் வாங்கும் வங்கிக் கணக்கின் பெயரும் ஒன்றா என்று பாருங்கள். யுபிஐயில் நம்பரைப் போட்டதும், பணம் அனுப்பும் முன்பே பெயர் திரையில் வரும். மச்சான் கணக்கு, ஆபீஸ் கணக்கு என்று காரணம் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வண்டி உங்கள் ஊரிலேயே ஒரு கன்சல்டிங்கில் நின்றாலும் இதே கேள்விகள்தான். அங்கே ஆர்சி பெயரும் கணக்கின் பெயரும் வேறாக இருப்பது மட்டும் சகஜம். ஆனால் கடை இருக்கும், ரசீது தருவார்கள், வண்டி கண்ணெதிரே நிற்கும்.

அட்வான்ஸ் கொடுப்பதே தவறில்லை. வண்டியைப் பார்த்து, பொறித்த சேஸ் நம்பரை ஆர்சியோடு ஒப்பிட்டு, கடன் இருக்கிறதா என்று பார்த்த பிறகு, உரிமையாளரிடம் நேரில் கொடுங்கள். வண்டி நம்பர், பேசிய விலை, கொடுத்த தொகை, எந்தத் தேதிக்குள் முடிப்பது, முடியாவிட்டால் எவ்வளவு திரும்பும் என்று ஒரு தாளில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். ஆர்சியில் ஹைப்பாத்திகேஷன் என்று கடன் கொடுத்த வங்கியின் பெயர் இருந்தால், கடன் முடிந்தது என்று வங்கி தரும் என்ஓசியும் ஃபார்ம் 35-ம் வராமல் மீதியைக் கொடுக்க வேண்டாம்.

ஏற்கெனவே பணம் போயிருந்தால், அடுத்து “ரீஃபண்டு அனுப்பறேன், இந்த கியூஆரை ஸ்கேன் பண்ணி யுபிஐ பின் நம்பர் போடுங்க” என்று செய்தி வரும். பணம் வாங்குவதற்கு பின் நம்பர் தேவையே இல்லை. அதைப் போட்டால் இன்னும் பணம் போகும். உடனே 1930-ஐ அழைத்து, பரிவர்த்தனையின் யுடிஆர் எண், தொகை, நேரம் மூன்றையும் சொல்லுங்கள். cybercrime.gov.in தளத்திலும் புகார் பதியுங்கள், உங்கள் வங்கிக்கும் சொல்லுங்கள். பணம் அடுத்த கணக்குக்கு நகர்வதற்குள் முடக்க முடிந்தால்தான் திரும்புவதற்கு வாய்ப்பு உண்டு. அதனால் அவரோடு சண்டை போட்டு நேரத்தை விடாதீங்க. விளம்பரம் நீக்கப்படும் முன், விளம்பர எண்ணும் விற்பவரின் பக்கமும் தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். அசல் விளம்பரம் கண்ணில் பட்டால் அதைப் போட்டவருக்கும் ஒரு போன் போட்டுச் சொல்லுங்கள். அவர் வீட்டு வாசலில்தான் அடுத்த ஆள் வந்து நிற்பார்.