பச்சை விழுந்தாலும் மஞ்சள் பெட்டிக்குள்ள பாயாதேங்கோ

"அண்ணா, லண்டனில கார் ஓடப் பழகுறன். சிக்னலில காத்து நிக்கேக்க மஞ்சள் பெட்டிக்குள்ள நிக்கலாமா? வெள்ளைக் கோடுகளும் குழப்பமா இருக்கு. முதல் கார் பழசா வாங்கலாமா, இன்சூரன்ஸ் எது நல்லது?"

தம்பி, காரும் இன்சூரன்சும் வேற ஆக்கள் சொல்லுவினம். சந்தி றோட்டில குறுக்கும் மறுக்குமா மஞ்சள் கோடு கீறின பெட்டியையும், வெள்ளைக் கோடுகளையும் நான் சொல்லுறன். எங்கட ஆக்கள் கனபேர் தெண்டம் கட்டுறது பெட்டியிலதான்.

மஞ்சள் பெட்டி இருக்கிற சந்தியில பச்சை மட்டும் காணாது. பெட்டிக்கு அங்கால, நீங்கள் போற லேனில, உங்கட கார் முழுசா நிக்க இடம் வேணும். முன்னால போன கார் பெட்டியைத் தாண்டின உடனேயே நிண்டிட்டுது எண்டு வையுங்கோ. பச்சை எரிஞ்சாலும் நீங்கள் கோட்டுக்குப் பின்னாலயே நிக்கவேணும். பின்னால நிக்கிறவர் ஹோர்ன் அடிப்பார், அடிக்கட்டும். கமெரா கடிதம் அவருக்கு வராது. முன்கார் ஒரு கார் நீளம் நகர்ந்த பிறகு போங்கோ. பக்கத்து லேன்காரர் அந்த இடத்தில புகுந்திடுவார், அவரையும் ஒரு கண் பாருங்கோ. பின்சில்லு மட்டும் மஞ்சளில நிண்டாலும் நிண்டதுதான்.

வலப்பக்கம் திரும்பேக்க மட்டும் உள்ள நிண்டு காக்கலாம். திரும்புற றோட்டு காலியா இருந்து, எதிரில வாற வாகனமோ, உங்களுக்கு முன்னால திரும்பக் காத்து நிக்கிற வாகனமோ மட்டும்தான் தடை எண்டா சரி. அந்த றோட்டே அடைச்சுக் கிடந்தா உள்ள போகக்கூடாது. சிக்னல் உள்ள ரவுண்டபவுட்டில இந்தச் சலுகையும் இல்லை.

நிப்பாட்டுற கோட்டில மஞ்சள் விளக்கும் 'நில்' தான். சடாரெண்டு பிரேக் போட்டா இடிபடும் எண்ட தூரத்தில மட்டும் போகலாம். சைக்கிள்காரருக்கு ரெண்டு கோடு போட்ட இடத்தில முதல் கோட்டில நிக்கவேணும். முதல் கோட்டைத் தாண்டின பிறகு சிவப்பு விழுந்தா ரெண்டாவதில. அம்புலன்ஸ் பின்னால கத்தினாலும் சிவப்பைத் தாண்டாதேங்கோ. சிவப்பு விளக்குக்கு வழக்கமா 100 பவுண்சும் லைசன்சில 3 புள்ளியும்.

றோட்டில வெள்ளைச் சரிவுக்கோடுகள் போட்ட இடத்தில அதின்ர விளிம்புக் கோட்டைப் பாருங்கோ. முழுக்கோடு எண்டா அவசரம் தவிர ஏறக்கூடாது. விட்டுவிட்டு வாற கோடு எண்டா, தேவையும் இருந்து, பாதுகாப்பும் தெரிஞ்சா மட்டும். வரிசையைக் கடந்து வலப்பக்க லேனுக்குப் போக அதில ஏறுற எங்கட கெட்டிக்காரரைக் கண்டாலே எனக்கு எரிச்சல்.

நான் வந்த புதுசில டெலிவரி வானில ஒரு அண்ணைக்குப் பக்கத்தில இருந்து வேலை பழகினனான். நல்ல மனுசன், எல்லா றோட்டும் மனப்பாடம். ஆனா பின்னால ஹோர்ன் கேட்டா பொறுக்காது, பெட்டிக்குள்ள பாஞ்சிடுவார். லண்டனில 14 நாளுக்குள்ள கட்டினா தெண்டம் பாதி. அவர் கடிதங்களை உடைச்சும் பாக்கிறேல்லை, டாஷ்போர்டில அடுக்கி வைச்சிருந்தார். வளைவுகளில அதெல்லாம் என்ர மடியிலதான் விழும்.