கேஷ்பேக் வரவில்லையா? எவ்வளவு வர வேண்டும் என்பதை முதலில் பாருங்கள்

"தீபாவளிக்கு லிட்டில் இந்தியாவில் புடவை எடுத்தேன். அக்டோபர் 8-ஆம் தேதி புடவைக்கு 180 ரிங்கிட், மாடியில் இருந்த தையல்காரருக்கு 80 ரிங்கிட், இரண்டையும் இ-வாலட்டில் கியூஆர் ஸ்கேன் செய்துதான் கட்டினேன். பத்து விழுக்காடு கேஷ்பேக் என்று ஆப்பில் போட்டிருந்தார்கள். டிசம்பர் வந்துவிட்டது, 26 ரிங்கிட் இன்னும் வரவில்லை. கேட்டால் 'விதிமுறைகளுக்கு உட்பட்டது' என்று ஒரே பதில். எப்படி வாங்குவது?"
– வாசகி, ஜெலுத்தோங்

நீங்கள் அனுப்பிய விதிமுறைப் பக்கத்தைப் படித்தேன். உங்களுக்கு வர வேண்டியது 26 அல்ல, 18 ரிங்கிட். 26 கேட்டு எழுதினால் மறுக்க அவர்களுக்கு வசதியாகிவிடும். 18 கேட்டால் மறுப்பது கடினம்.

காரணம் அந்த 80 ரிங்கிட். கியூஆர் எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். ஆனால் கடை பெயரில் பதிவான வணிகர் கியூஆர் வேறு, ஒருவர் தன் சொந்தக் கணக்குக்குப் பணம் வாங்க வைத்திருக்கும் கியூஆர் வேறு. இரண்டாவதை ஸ்கேன் செய்தால், வாலட் அதைக் கடையில் செலவு செய்ததாக எடுத்துக்கொள்ளாது, ஆளுக்கு ஆள் பணம் அனுப்பியதாகவே பதியும். உங்கள் விதிமுறையோ 'வணிகர் கியூஆருக்கு மட்டும்' என்கிறது. பரிவர்த்தனை விவரத்தைத் திறந்து பாருங்கள். புடவைக் கடைக்கு Payment என்றும் தையல்காரருக்கு Transfer என்றும் இருக்கும். ஆப்புக்கு ஆப்பு சொல் கொஞ்சம் மாறலாம். பணம் பெற்றவரின் பெயரை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். சிறு வியாபாரிகள் பலர் சொந்தப் பெயரிலேயே வணிகர் கியூஆர் வைத்திருக்கிறார்கள்.

அடுத்தது கெடு. 'பிரச்சார மாதம் முடிந்து 14 வேலை நாளுக்குள்' என்று இருக்கிறது. ஆக, பணம் கட்டிய நாளிலிருந்து எண்ணக் கூடாது. அக்டோபர் 31-க்குப் பிறகு, சனி ஞாயிறைக் கழித்து எண்ணினால் நவம்பர் மூன்றாவது வாரம் வரும். அது தாண்டிவிட்டது. குறைந்தது 50 ரிங்கிட் செலவு, அதிகபட்சம் 20 ரிங்கிட் கேஷ்பேக் என்ற வரம்புகளிலும் உங்கள் 180 அடங்குகிறது. ஒருவேளை ரொக்கமாக வராமல் வவுச்சராகவோ புள்ளியாகவோ வந்திருக்கலாம், Rewards பகுதியையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்போது ஆதாரம். பச்சை நிறத்தில் Successful என்று வரும் திரையை மட்டும் பிடித்து அனுப்புவதுதான் பெரும்பாலோர் செய்வது. அதில் பரிவர்த்தனை எண் இல்லாவிட்டால் தேடுகிறவருக்கு அது பயன்படாது. எண், தேதி, நேரம், கடைப் பெயர், பணம் செலுத்திய வகை எல்லாம் தெரியும் விவரத் திரையைப் பிடியுங்கள். அதோடு கடை ரசீது, அக்டோபர் 8 முதல் இன்று வரை கேஷ்பேக் வரவில்லை என்று காட்டும் வாலட் வரலாறு, விதிமுறைப் பக்கம். இந்தக் கடைசியை நீங்கள் முன்பே சேமித்து வைத்தது நல்லதாயிற்று. பிரச்சாரம் முடிந்ததும் அந்தப் பக்கம் காணாமல் போவது சாதாரணம்.

இதெல்லாம் கையில் இருந்தால் ஆப்பின் உதவிப் பகுதியில் இப்படி எழுதுங்கள்: "அக்டோபர் 8, பரிவர்த்தனை எண் இது, வணிகர் கியூஆர், 180 ரிங்கிட். உங்கள் விதிமுறைப்படி 18 ரிங்கிட் வர வேண்டும், கெடு முடிந்துவிட்டது. மறுப்பதானால் எந்த விதியின் கீழ் என்று எழுத்தில் தெரிவியுங்கள்." கடைசி வரி முக்கியம். பொதுவான பதில் சொல்லித் தப்ப முடியாது. 'முதலில் வருவோருக்கே' என்ற ஒதுக்கீடு தீர்ந்தது என்பார்கள். அப்படி ஒரு விதி இருந்தால் அது நியாயமான பதில்தான். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். உதவி எண்ணை ஃபேஸ்புக்கில் தேடாதீர்கள், அங்கே போலிகள்தான் முந்திக்கொண்டு பேசுவார்கள். கேஷ்பேக் தர, உங்கள் கைப்பேசிக்கு வரும் டிஏசி எண் எவருக்கும் தேவையில்லை, கேட்டால் கொடுக்காதீர்கள்.

சரி, அப்படியும் மசியவில்லை என்றால்? பேங்க் நெகாராவின் 1-300-88-5465 எண்ணுக்கு அழைக்கலாம். நிதி நிறுவனங்களோடு வரும் தகராறுகளைத் தீர்க்க 2025 ஜனவரி முதல் இயங்கும் நிதிச் சந்தை ஒம்புட்ஸ்மன் சேவைக்கும் கொண்டுபோகலாம், பயனீட்டாளருக்குக் கட்டணமில்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடமே புகார் செய்திருக்க வேண்டும், அதன் இறுதிப் பதில் வந்த 6 மாதத்துக்குள் போக வேண்டும்.

விதிமுறையில் 'ஏற்பாட்டாளர்' என்ற இடத்தில் வாலட்டுக்குப் பதில் கடையின் பெயர் இருந்தால் வழி வேறு. அப்போது உள்நாட்டு வாணிபம், வாழ்க்கைச் செலவின அமைச்சின் 1-800-886-800 எண்தான். 5 ரிங்கிட் கட்டி பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் முதலாம் பாரமும் நிரப்பலாம். 18 ரிங்கிட்டுக்கு அவ்வளவு தூரம் போவீர்களா என்பது உங்கள் விருப்பம். என்னைக் கேட்டால், அமைச்சுக்கு ஒரு புகாரோடு நிறுத்திக்கொள்வேன்.