மாவுக்கட்டு போட்ட பிள்ளை: எலும்பு மருத்துவரின் பதில்கள்

கோடை விடுமுறை முடிவதற்குள் சைக்கிள், மாமரம், மொட்டைமாடிச் சுவர் என்று ஏதாவது ஒன்றிலிருந்து விழுந்து முன்கையை உடைத்துக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோரிடமிருந்துதான் இம்முறை அதிகக் கடிதங்கள்.

கட்டு போட்ட மறுநாளே மகளின் விரல்கள் உப்பிவிட்டன. பயப்பட வேண்டுமா?

முதல் 2, 3 நாள் வீக்கம் ஏறும், பிறகு வடியும். கையைத் தொங்கவிட்டால் இன்னும் ஏறும். கழுத்தில் மாட்டும் ஸ்லிங் நடமாடும்போதுதான். படுக்கும்போது இரண்டு தலையணை வைத்து, முழங்கை நெஞ்சை விட உயரமாகவும், விரல்கள் முழங்கையை விட உயரமாகவும் இருக்கட்டும். விழித்திருக்கும்போதெல்லாம் மணிக்கொரு தரம் விரல்களை மடக்கி நீட்டச் சொல்லுங்கள். நகத்தை அழுத்திவிட்டால் வெளுத்து, 2 நொடிக்குள் பழைய நிறம் திரும்ப வேண்டும். அடுத்த கையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உயர்த்தி வைத்து ஒரு மணி நேரமாகியும் இறுக்கம் குறையவில்லை என்றால் கட்டு போட்ட இடத்துக்கே போங்கள். மோதிரம், வளையல், மந்திரித்த கயிறு எல்லாவற்றையும் முதல் நாளே கழற்றிவிடுங்கள்.

உள்ளே அரிக்கிறது என்று ஸ்கேலை விட்டுச் சொறிகிறான். பவுடர் போடலாமா?

கூடாது. தேங்காய் எண்ணெயும் கூடாது. ஸ்கேல், ஈர்க்குச்சி, பின்னல் ஊசி எதுவும் உள்ளே போகக் கூடாது. கீறிய தோல் வியர்வையும் பஞ்சுமாய் மூடிக் கிடந்தால் சீழ் பிடிக்கும். பவுடர் கட்டியாகித் தோலை உரசும். ஹேர் டிரையர் இருந்தால் குளிர்ந்த காற்றில் மட்டும் வைத்துக் கட்டின் வாயில் ஊதுங்கள், இல்லையேல் மின்விசிறிக்கு அடியில் உட்கார வையுங்கள். கட்டின் மேல் விரலால் தட்டினாலும் கொஞ்சம் அடங்கும். தூக்கம் கெடும் அளவு என்றால் அரிப்பு மாத்திரை பற்றி உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். நாற்றம், கசிவு, காய்ச்சல் என்றால் அன்றே காட்ட வேண்டும்.

கட்டு நனைந்துவிட்டது. என்ன செய்ய?

எந்தக் கட்டு, எவ்வளவு நனைந்தது, போட்டு எத்தனை நாள், ஒன்றும் எழுதவில்லை. நான் ஜோசியம் பார்ப்பதில்லை. சாதாரண மாவுக்கட்டு ஊறினால் குழைந்துவிடும், மாற்றத்தான் வேண்டும். ஃபைபர் கட்டு குழையாது, ஆனால் உள்பஞ்சு ஈரமாகவே கிடந்து தோலை ஊற வைக்கும். அதையும் காட்டுங்கள்.

7 வயது மகனுக்கு முன்கையில் இரண்டு எலும்பும் முறிந்து, மாலையில் சேர்த்துக் கட்டு போட்டார்கள். இரவு 8 மணிக்கு பாராசிட்டமால் கொடுத்தோம். 11 மணிக்கு மறுபடி துடித்தான். அழுது அழுது தூங்கிவிட்டான். காலையில் போனதும் கட்டை நெடுகப் பிளந்துவிட்டார்கள், வலி உடனே குறைந்தது. போட்ட கட்டை ஏன் வெட்டினார்கள்?

அவன் கையைக் காப்பாற்றத்தான். 'காலையில் பார்த்துக்கொள்ளலாம்' என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது.

முன்கைத் தசைகள் விரியாத உறைகளுக்குள் இருக்கின்றன. உள்ளே வீங்க, வெளியே கட்டு இறுக, அழுத்தம் ஏறித் தசைக்குப் போகும் இரத்தம் தடைபடும். சுமார் 6 மணி நேரத்தில் தசை மீளாமல் சாகத் தொடங்கலாம். செத்த தசை சுருங்கினால் விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். மூங்கில் பட்டை வைத்து இறுக்கும் நாட்டுக் கட்டுக்குப் பிறகு இப்படி மடங்கிய விரல்களோடு வந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

எலும்பைச் சேர்த்து அசையாமல் கட்டிய பிறகு வலி மணிக்கு மணி குறைய வேண்டும். உங்கள் மகனுக்கு ஏறியது. சரியான அளவு மருந்து கொடுத்து ஒரு மணி நேரம் கழித்தும் துடித்தால் கிளம்ப வேண்டும். உங்கள் மகன் 11 மணிக்குத் துடித்தானே, அப்போதே கிளம்பியிருக்க வேண்டும். சிறு பிள்ளைக்கு 'இறுக்குகிறது' என்று சொல்லத் தெரியாது. நிலைகொள்ளாமல் புரளும், யாரையும் கையைத் தொட விடாது, மருந்து மருந்து என்று கேட்கும். சந்தேகமிருந்தால் விரல்களை மெல்ல நீட்டிப் பாருங்கள். முன்கை முழுக்க வலித்து அலறினால் அதுவே போதும். விரல் வெளுப்பது, நீலம் பாய்வது, மரத்துப்போவது எல்லாம் தாமதமாக வரலாம். நாடி துடிக்கிறதே என்று ஆறுதல் கொள்ளாதீர்கள்.

நள்ளிரவானாலும் அவசரப் பிரிவுக்குப் போங்கள். வழியில் கையை நெஞ்சு மட்டத்தில் வையுங்கள். இந்த நிலையில் அதற்கு மேல் உயர்த்தினால் இரத்த ஓட்டம் இன்னும் குறையும். சாப்பிடவோ குடிக்கவோ கொடுக்காதீர்கள், மயக்கம் கொடுக்க நேரலாம். பிளந்தும் வலி அடங்காவிட்டால் அறுவை சிகிச்சைதான். உங்கள் மகனுக்கு அடங்கியது, தப்பித்தான். இனி விரல்களை முழுதாக நீட்டி மடக்குகிறானா என்று தினமும் பாருங்கள்.

ஒரு வாரத்தில் கட்டு லூசாகி, கை உள்ளே ஆடுகிறது. வசதியாகத்தானே இருக்கிறது?

உங்களுக்கு வசதி, எலும்புக்கு இல்லை. வீக்கம் வடிந்ததும் முறிவு நகரக்கூடும். உடனே எக்ஸ்ரே எடுங்கள்.

எப்போது கிரிக்கெட் ஆடலாம்?

கட்டு பிரிக்க 6 வாரம் வரை ஆகும். அதன் பிறகும் சில மாதங்கள் அதே இடத்தில் மறுபடி முறியலாம். பந்தை ஒளித்து வையுங்கள்.